இரண்டு தோழிகள், ஒரே சண்டை, வெவ்வேறு ஸ்கிரீன்ஷாட்: எதை எப்படிப் படிப்பது, யார் எதை விட்டார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது

இரண்டு பேருக்கும் பொதுவான ஆள் நீங்கள் என்றால், இது என்றைக்காவது உங்கள் போனுக்கு வரும். ஒருத்தி மூன்று படம் அனுப்பி "நீயே பாரு, என்ன பேச்சு பேசியிருக்கான்னு" என்பாள். அரை மணி நேரத்தில் இன்னொருத்தியும் அதே சண்டையை அனுப்புவாள், அதில் இருப்பது வேறு கதையாக இருக்கும். இரண்டிலும் பொய் இருக்காது. எந்த இடத்தில் வெட்டியிருக்கிறார்கள் என்பதில்தான் விஷயம்.

இது வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டுக்கான வழிகாட்டி. நான் பார்த்த ஒரு சண்டையையே கடைசி வரை எடுத்துக்கொள்கிறேன், பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். மீனாவும் கவிதாவும் சென்னையில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள். வீட்டு அட்வான்ஸ் 1,20,000 ரூபாய், ஆளுக்குப் பாதி. கவிதா வேலை கிடைத்து சிங்கப்பூர் போய்விட்டாள். அவளுடைய 60,000-ஐ, புதிதாக வரும் ஆள் கொடுத்ததும் மீனா அனுப்ப வேண்டும் என்று பேச்சு. ஒரு சனிக்கிழமை இரவு அது வெடித்தது. ஞாயிறு காலை இருவரும் எனக்குப் படம் அனுப்பினார்கள்.

1. படத்தைத் திறக்கும் முன் செய்ய வேண்டியவை

முதலில் இரண்டு பேரிடமும் சொல்லிவிடுங்கள்: "அவளும் எனக்கு அனுப்பியிருக்கா, ரெண்டையும் பார்க்கிறேன்." இதை மறைத்துவிட்டு நடுவில் மாட்டிக்கொண்டால், அதற்குப் பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் எடுபடாது. நான் பார்த்த வரையில் புதிதாக இறங்குகிறவர்கள் சறுக்குவது முதலில் இங்கேதான்.

ஒருத்தி அனுப்பிய படத்தை மற்றவளுக்கு அனுப்பாதீர்கள். "அவ இதை அனுப்பினா, நீ என்ன சொல்ற?" என்று கேட்டவுடன் பேச்சு பணத்தை விட்டு "என் மெசேஜை ஏன் அவளுக்குக் காட்டின?" என்று திரும்பிவிடும். அப்படி ஒரு இரண்டாவது சண்டை முளைத்தால் முதல் சண்டைக்குத் திரும்பவே முடியாது.

ஒரு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். போனிலேயே படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தால், கடைசியாகப் பார்த்த பக்கம் மனது சாய்ந்துவிடும்.

2. இருவரின் புகாரையும் ஒவ்வொரு வரியாக எழுதுங்கள்

படம் என்ன சொல்கிறது என்பது இருக்கட்டும், அதை அனுப்பியவள் என்ன சொல்கிறாள்? மீனா சொன்னது: "மிரட்டுறா, என் பேரைக் கெடுக்கப் பார்க்கிறா." கவிதா சொன்னது: "என்னை அசிங்கமாப் பேசினா, பணம் தர எண்ணமே இல்ல."

இதை முதலில் எழுதச் சொல்வதற்குக் காரணம், இரண்டும் ஒரே கேள்விக்கான பதில்கள் இல்லை என்பது காகிதத்தில் உடனே தெரிந்துவிடும். ஒருத்தி மிரட்டலைப் பற்றிப் பேசுகிறாள், இன்னொருத்தி அவமானத்தையும் பணத்தையும் பற்றிப் பேசுகிறாள். இரண்டுமே நடந்திருக்கலாம். யார் சொல்வது உண்மை என்ற கேள்வியோடு உட்கார்ந்தால் இது கண்ணில் படாது.

3. யாருடைய போன், எந்த ஊர் நேரம்

வலது பக்கம் இருப்பது போன் வைத்திருப்பவர் எழுதியது, இடது பக்கம் எதிராளி எழுதியது. மீனாவின் படத்தில் மீனா வலது, கவிதாவின் படத்தில் மீனா இடது. தெரிந்த விஷயம்தான், ஆனாலும் நான்கைந்து படங்களை மாற்றி மாற்றிப் பார்க்கும்போது யார் எதைச் சொன்னார்கள் என்பது குழம்பிவிடும். ஒவ்வொரு படத்துக்கும் மேலே "மீ போன்", "க போன்" என்று குறித்து வையுங்கள்.

அடுத்தது நேரம். மெசேஜுக்குப் பக்கத்தில் வரும் நேரம் அந்தந்த போன் இருக்கும் ஊரின் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். மீனாவின் போனில் இரவு 9:26 என்று இருப்பது கவிதாவின் போனில் 11:56. மீனாவின் 9:31 அங்கே நள்ளிரவு தாண்டி 12:01, அதாவது ஞாயிற்றுக்கிழமை.

இதில்தான் கூட இருந்த இன்னொரு தோழி ஏமாந்தாள். ஞாயிறு காலை எடுத்த கவிதாவின் முதல் படத்தில் மேலே Yesterday என்றும், இரண்டாவது படத்தில் Today என்றும் இருந்தது. மீனாவின் படங்களில் எல்லாமே Yesterday. உடனே அவள், "பாரு, ஒரு நாள் விட்டு மறுபடியும் பேசியிருக்காங்க, மீனா அதை மறைச்சிட்டா" என்றாள். அப்படி எதுவும் இல்லை, நடந்தது ஒரே ராத்திரியில் நடந்த ஒரே சண்டை. Today, Yesterday எல்லாம் படம் எடுத்த நாளைப் பொறுத்து மாறும் சொற்கள், அவற்றை வைத்துத் தேதி போடாதீர்கள். படம் எடுத்தது எப்போது என்று கேட்டு, எல்லா நேரத்தையும் ஏதாவது ஒரு ஊர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இங்கே நான் சென்னை நேரத்தை எடுத்துக்கொண்டேன்.

4. எல்லாவற்றையும் ஒரே வரிசையில் எழுதுங்கள்

இப்போது இரண்டு பேர் படத்தில் உள்ளதையும் நேரப்படி ஒரே காகிதத்தில் எழுதுங்கள். எது யார் படத்தில் வந்தது என்று பக்கத்தில் போடுங்கள். எனக்கு வந்தது இது:

9:19 மீனா: புது ஆள் இன்னும் தரல, அதான். (க படம்)

9:24 கவிதா: அது என் பிரச்சனை இல்லையே. (க படம்)

9:26 மீனா: சிங்கப்பூர் போனதும் பெரிய ஆளாயிட்ட. (க படம்)

9:31 கவிதா: நாளைக்குள்ள வரலன்னா ஓனர்கிட்ட நேரா பேசிக்கிறேன். (மீ படம்)

9:32 மீனா: ஏன் இப்படிப் பேசுற? (மீ படம்)

9:46 மீனா: This message was deleted (க படம்)

9:47 கவிதா: இல்லன்னா நீ ஏமாத்துறேன்னு குரூப்ல போடுறேன். (மீ படம்)

9:48 மீனா: சரிடி, உன் இஷ்டம். (மீ படம்)

வலது ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கள். இரண்டு பேர் படத்திலும் இருக்கும் மெசேஜ் ஒன்றுகூட இல்லை. மீனாவின் படம் 9:31-ல் தொடங்குகிறது, அதாவது அவளுக்கு வலித்த இடத்தில். அவள் கவிதாவைக் குத்திய 9:26 அதற்கு ஒரு மெசேஜ் மேலே இருக்கிறது. கவிதாவின் முதல் படம் 9:26-ல் முடிகிறது, தான் ஓனரை இழுத்த 9:31 அதற்கு ஒரு மெசேஜ் கீழே. இரண்டு பேரும் வெட்டியது கிட்டத்தட்ட ஒரே இடத்தில், ஆளுக்கொரு பக்கமாக.

இதைத் திருட்டுத்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு திரைக்குள் கொஞ்சம்தான் அடங்கும், அடிபட்டவர் அடிபட்ட இடத்தைத்தான் காட்டுவார். ஆனால் எதிராளி ஏன் அப்படிப் பேசினார் என்பது பெரும்பாலும் படம் தொடங்கும் இடத்துக்கு நேர் மேலேதான் இருக்கும். அதனால் படம் எங்கே முடிகிறது என்பதைவிட எங்கே தொடங்குகிறது என்பதை அதிக நேரம் பாருங்கள். இந்தச் சண்டையில் 9:32-க்கும் 9:46-க்கும் நடுவே ஒரு பள்ளம் இருப்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

5. படத்தின் ஓரங்களை உற்றுப் பாருங்கள்

ஆண்ட்ராய்டு போனில் ஒருவர் தொடர்ந்து இரண்டு மூன்று மெசேஜ் போட்டால், முதல் கட்டத்துக்கு மட்டும் மேல் மூலையில் சின்ன வால் மாதிரி ஒரு முனை இருக்கும், அடுத்தடுத்த கட்டங்களுக்கு இருக்காது. கவிதாவின் முதல் படத்தில் மேலே இருந்த 9:19 கட்டத்துக்கு வால் இல்லை. அப்படியென்றால் அதற்கு முன்னாலும் மீனாவேதான் ஏதோ எழுதியிருக்கிறாள், அது வெட்டுப்பட்டிருக்கிறது. பிறகு கேட்டபோது வந்தது: 9:18, "சாரிடி, மறக்கல." மன்னிப்புக் கேட்ட வரி. (ஐபோனில் வால் வரும் இடம் வேறு, இந்தக் கணக்கை அங்கே போடாதீர்கள்.)

இரண்டாவது, பாதியில் அறுந்த கட்டம். மெசேஜ் கட்டத்தின் மூலைகள் வளைவாக இருக்கும். மீனாவின் இரண்டாவது படத்தில் 9:47 கட்டத்தின் மேல் விளிம்பு கத்தியால் அறுத்த மாதிரி நேர்க்கோடாக இருந்தது. கட்டத்தின் மேல்பாதி படத்துக்கு வெளியே போய்விட்டது என்று அர்த்தம். முழு மெசேஜை விடுவதைவிட மெசேஜுக்குள்ளேயே வெட்டுவது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. திரையில் இடம் இல்லாமல் முழு மெசேஜ் விடுபடலாம், ஆனால் ஒரு கட்டம் நடுவில் அறுபட்டிருந்தால், திரையை அந்த இடத்தில் நகர்த்தி நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் கையால் அறுத்திருக்க வேண்டும்.

மேலே மிதக்கும் தேதிப் பட்டையையும் கவனியுங்கள். திரையை நகர்த்தும்போது அந்தப் பட்டை மேலே வந்து நிற்கும், அந்த நேரத்தில் படம் எடுத்தால் அன்றைய பேச்சே அங்கேதான் தொடங்கியது போலத் தெரியும். கவிதாவின் இரண்டாவது படத்தில் Today பட்டைக்குக் கீழே நேராக அழித்த மெசேஜ் இருந்தது. உண்மையில் அவளுடைய போனில் அன்றைய முதல் மெசேஜ் 12:01-க்கு அவளே எழுதிய ஓனர் மெசேஜ்தான்.

6. சொற்களில் தொங்கும் நூலைப் பிடியுங்கள்

நம் பேச்சுத் தமிழ் இதற்கு ரொம்ப உதவும். முன்னால் ஒன்று இல்லாமல் வராத சொற்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. அதான், இல்லன்னா, அப்போ, மறுபடியும், நீயும், அதெல்லாம். ஒரு படத்தின் முதல் வரியில் இவற்றில் ஏதாவது இருந்தால், அதன் தலை வெளியே இருக்கிறது.

9:47 வரியைத் திரும்பப் படியுங்கள். "இல்லன்னா நீ ஏமாத்துறேன்னு குரூப்ல போடுறேன்." எது இல்லன்னா? ஏதோ ஒன்றைக் கேட்டிருக்கிறாள், அது நடக்காவிட்டால் என்றுதான் இந்த வரி. அந்த "ஏதோ ஒன்று" அறுபட்ட மேல்பாதியில் இருக்கிறது. அதே மாதிரி 9:19-ல் "அதான்" என்று முடிகிறது. எதற்கு அதான்? முன்னால் யாரோ ஏதோ கேட்டிருக்க வேண்டும். இரண்டு படத்திலும் இல்லாத அந்தக் கேள்வி, 9:12-க்கு கவிதா கேட்டது: "பணம் எப்போ வரும்? மாசக் கடைசின்னு சொன்னே."

7. அழித்தது, திருத்தியது, பேசியது

எல்லோருக்கும் சேர்த்து அழித்தால் This message was deleted என்ற வரி எதிராளியின் போனில் நிற்கும், அழித்தவரின் போனில் You deleted this message என்று இருக்கும். தன் போனில் மட்டும் அழித்தால் அங்கே எந்தச் சுவடும் இருக்காது, மேலும் கீழும் ஒட்டிக்கொண்டு ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். ஆகவே ஒரு படத்தில் தொடர்ச்சி நன்றாக இருக்கிறது என்பதற்காக அது முழுசு என்று நம்பாதீர்கள், இன்னொரு போனில் உள்ளதோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

அனுப்பிய 15 நிமிடத்துக்குள் மெசேஜைத் திருத்தலாம், அப்போது நேரத்துக்குப் பக்கத்தில் Edited என்று வரும். முன்பு என்ன இருந்தது என்பதைத் திரை காட்டாது. இந்தச் சண்டையில் அது இல்லை என்பதால் தாண்டிப் போகிறேன்.

அழித்த மெசேஜ் என்றால் எல்லோரும் கெட்ட வார்த்தை என்றே நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், கவிதாவும் "திட்டிட்டு டெலீட் பண்ணிட்டா" என்ற தொனியில்தான் அந்தப் படத்தை அனுப்பியிருந்தாள். ஆனால் அழித்ததைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. அந்த மெசேஜை யாராவது மேற்கோளாக எடுத்துப் பதில் போட்டிருந்தால், மூல மெசேஜ் அழிந்த பிறகும் பதிலின் தலையில் அந்த வரி அப்படியே நிற்கும். பதில் கட்டத்தின் மேல்பாதியில்! மீனா அறுத்தது அந்த மேல்பாதியைத்தான்.

போன் பேச்சும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் அரட்டைக்குள்ளேயே எத்தனை நிமிடம் என்று ஒரு வரி நிற்கும். அந்தப் பள்ளத்தில் இருந்தது அதுதான்: 9:33-க்கு மீனா எடுத்த அழைப்பு, 11 நிமிடம். எழுத்துச் சண்டையின் நடுவே பேச்சு இருந்தால், அதற்கு முன்னால் உள்ள மெசேஜையும் பின்னால் உள்ளதையும் ஒட்டிப் படிக்காதீர்கள். மீனாவின் படங்களில் "ஏன் இப்படிப் பேசுற?" என்று அவள் பாவமாகக் கேட்டவுடன் கவிதா "குரூப்ல போடுறேன்" என்று மிரட்டுவது போல இருக்கும். நடுவில் 11 நிமிடம் பேசியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் அது வேறு காட்சி.

8. விடுபட்டதைக் கேட்பது

"ஏன் வெட்டின?" என்று கேட்காதீர்கள். கேட்டால் வெட்டியதற்குக் காரணம் சொல்வார்கள், வெட்டியது வராது. நேரத்தை மட்டும் சொல்லுங்கள், இருவரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள். நான் கேட்டது: "9:10-லேருந்து 9:50 வரைக்கும் வெட்டாம அனுப்பு. அந்த நாற்பது நிமிஷம் மட்டும் போதும்." கவிதாவுக்கு அதையே அவள் ஊர் நேரத்தில், 11:40-லிருந்து 12:20 என்று.

முழு அரட்டையையும் கேட்காததற்குக் காரணம், அதில் மூன்றாம் ஆளைப் பற்றியும் வீட்டு விஷயமும் இருக்கும். அதற்காக அவர்கள் மறுத்தால் அந்த மறுப்பை நீங்கள் குற்றமாக எடுத்துக்கொள்ள நேரிடும். படமாக அனுப்பத் தயங்கினால் நேரில் போனைக் காட்டச் சொல்லுங்கள், அவர்களே நகர்த்தட்டும், நீங்கள் கையில் வாங்க வேண்டாம்.

கவிதா அனுப்பினாள். முழுக் கட்டம் இப்படி இருந்தது. மேலே மேற்கோளில், அழித்துவிட்ட மீனாவின் 9:46 மெசேஜ்: "போன்ல சொன்ன மாதிரி 10ஆம் தேதி 30,000 போடுறேன். மீதி புது ஆள் தந்ததும்." அதற்குக் கீழே கவிதாவின் பதில்: "பாதியெல்லாம் வேணாம், முழுசா வேணும். இல்லன்னா நீ ஏமாத்துறேன்னு குரூப்ல போடுறேன்."

இந்த மேற்கோளிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. அழித்த பிறகு மேற்கோள் எடுக்க முடியாது, ஆகவே கவிதா படித்துப் பதில் போட்ட பிறகுதான் மீனா அதை அழித்திருக்கிறாள்.

9. இரண்டு பேருமே விட்டது எது?

ஒருத்தி விட்டதை மற்றவள் காட்டிவிடுவாள், அதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இரண்டு பேருமே விட்டதைத்தான் தேட வேண்டும். இங்கே அது 11 நிமிடப் பேச்சும் 30,000 ரூபாய் பற்றிய அந்த வரியும். மீனா ஏன் விட்டாள்? அது காட்டப்பட்டால் அவள் தேதி சொல்லி ஒப்புக்கொண்டது தெரிந்துவிடும், அதை அழித்ததும் தெரிந்துவிடும். கவிதா ஏன் விட்டாள்? அது இருந்தால் "தர எண்ணமே இல்ல" என்ற புகார் நிற்காது. அந்த ஒரு வரி இருவருக்குமே இடைஞ்சல்.

இன்னொன்றும் இரண்டு பக்கமும் இல்லை, மூன்று வாரம் முந்தைய மெசேஜ். "மாசக் கடைசின்னு சொன்னே" என்று கவிதா சொன்னாளே, அப்படி மீனா சொன்னாளா? அரட்டைக்குள் "கடைசி" என்று போட்டுத் தேடச் சொன்னேன். வந்தது: "மாசக் கடைசில பார்க்கலாம்டி." கவிதா இதைத் தேதியாக எடுத்துக்கொண்டாள். மீனாவுக்கு இது தேதி இல்லை, சும்மா ஒரு "பார்க்கலாம்". நம் ஊரில் பார்க்கலாம் என்றால் சரி என்றும் அர்த்தம், முடியாது என்று மரியாதையாகச் சொல்வதும் அதுதான். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்று நான் நம்பியது இந்த வரியைப் பார்த்த பிறகுதான்.

10. எது தெரியாது என்று தனியாக எழுதுங்கள்

போனில் என்ன பேசினார்கள் என்பது எந்தப் படத்திலும் வராது. இருவரிடமும் தனித்தனியாக, "போன்ல கடைசியா என்ன முடிவாச்சு?" என்று கேட்டேன். 30,000 என்ற பேச்சு வந்ததை இருவருமே சொன்னார்கள். மீனா சொல்வது, கவிதா சரி என்றாள். கவிதா சொல்வது, யோசிக்கிறேன் என்றுதான் சொன்னேன். இதற்கு மேல் தோண்டினால் உங்கள் ஊகம்தான் மிஞ்சும், அதனால் காகிதத்தில் "தெரியாது" என்று எழுதி விட்டுவிட்டேன்.

யார் அதிகம் திட்டினார்கள் என்று எண்ணிப் பார்க்கும் வேலையும் வேண்டாம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு மெசேஜாக மதிப்பெண் போட ஆரம்பித்தவர்கள் யாரும் அதை முடித்து நான் பார்த்ததில்லை.

ஒரு வரம்பு. ஆளை அடிப்பேன் என்பது போன்ற மிரட்டல், அந்தரங்கப் படங்களை வெளியிடுவேன் என்ற பேச்சு, வேண்டுமென்றே பண மோசடி என்றால் இந்த வழிமுறையை நிறுத்திவிடுங்கள். அங்கே நடுவராக உட்காராதீர்கள். போனில் உள்ள மூல அரட்டையை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லி, போலீசிடமோ வக்கீலிடமோ போகத் துணை நில்லுங்கள்.

11. இருவருக்கும் ஒரே வார்த்தைகளில் சொல்லுங்கள்

நான் ஒரே மெசேஜை எழுதி, இருவருக்கும் அப்படியே தனித்தனியாக அனுப்பினேன். ஆளுக்கு ஏற்ப மாற்றிச் சொன்னால் இரண்டு நாளில் அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒப்பிடுவார்கள்.

"60,000 தரணும்கிறதுல ரெண்டு பேருக்கும் சண்டை இல்ல. 10ஆம் தேதி 30,000-ன்னு ஒரு பேச்சு வந்திருக்கு, அது முடிவாச்சா இல்லையான்னு நீங்க ரெண்டு பேரும்தான் சொல்லணும். மீதிக்குப் பார்க்கலாம்னு எழுதாம ஒரு தேதி எழுதுங்க. 9:26-ல வந்த பேச்சும் 9:47-ல வந்த பேச்சும் பணத்தோட சேராதது, அதைத் தனியா பேசிக்கோங்க."

யார் எதை வெட்டினார்கள் என்று அதில் எழுதவில்லை. இருவருக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

மீனா அன்று மாலையே கவிதாவுக்கு 10 என்றும் அடுத்த மாதம் 5 என்றும் இரண்டு தேதி எழுதி அனுப்பினாள். கவிதா "சரி" என்று மட்டும் போட்டாள். பெரிய ஆளாயிட்ட என்ற அந்த வரியைப் பற்றி இரண்டு பேரும் பேசினார்களா என்று நான் கேட்கவில்லை.